பாக்டீரியாவின் எதிரிப் பட்டியல்

சீஸ் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான லிட்டர் பால் எஃகுத் தொட்டிகளில் இளஞ்சூட்டில் நிற்கும். அதில் உறையாகச் சேர்ப்பது ஆய்வகத்தில் தேர்ந்தெடுத்து வளர்த்த பாக்டீரியாக்களை. அவற்றில் முக்கியமானது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ். பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைத் தின்று அது லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. அமிலம் ஏற ஏறப் பால் இறுகுகிறது. யோகர்ட், மொசரெல்லா இரண்டும் இந்த நுண்ணுயிரை நம்பித்தான் இருக்கின்றன. சில நாட்களில் இந்த வேலை பாதியில் நின்றுவிடும். மணிக்கணக்கில் காத்திருந்தாலும் புளிப்பு ஏறாது. உறையில் இருந்த பாக்டீரியாக்கள் செத்துப்போயிருக்கும்.

கொன்றது ஃபேஜ். பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் வைரஸ்களுக்கு அதுதான் பெயர். ஃபேஜ் பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்டு தன் டி.என்.ஏ.வை உள்ளே செலுத்தும். அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் அந்த செல் வெடித்து நூற்றுக்கும் மேற்பட்ட புது ஃபேஜ்கள் வெளியே வரும். ஒவ்வொன்றும் அடுத்த செல்லைத் தேடிப் போகும். இப்படி இரண்டு மூன்று சுற்று நடந்தால் தொட்டி முழுவதும் வீண்.

ஆனால் முழுவதும் அழிந்ததுபோல் தெரியும் கூட்டத்திலும் சில செல்கள் தப்பிவிடும். அவற்றை எடுத்து வளர்த்தால் அதே ஃபேஜ் மீண்டும் வந்தாலும் ஒன்றும் ஆவதில்லை. பால்பொருள் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகவே இப்படித் தப்பிய வகைகளைத் தேடிப் பிடித்துப் பயன்படுத்தி வந்தார்கள். ஏன் தப்பின என்பதில்தான் தெளிவு இல்லை. அதற்கான விடை அந்த பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியில், வெகுகாலம் யாருக்கும் பொருள் புரியாமல் கிடந்த ஒரு பகுதியில் இருந்தது.

அந்தப் பகுதியின் அமைப்பைப் பார்க்கலாம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸில் 36 எழுத்து நீளமுள்ள ஒரே டி.என்.ஏ. வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு வாசகத்துக்கும் அடுத்த வாசகத்துக்கும் நடுவே 30 எழுத்துக்கு ஓர் இடைத்துண்டு. திரும்ப வரும் வாசகம் மாறுவதில்லை. இடைத்துண்டுகளோ ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. இந்த இடைத்துண்டுகளுக்குத்தான் ஸ்பேசர் என்று பெயர். வரிசை முழுவதையும் கிரிஸ்பர் என்கிறார்கள். டானிஸ்கோ என்ற டென்மார்க் நிறுவனத்தின் ஒரு வகை பாக்டீரியாவில், ஒரு கிரிஸ்பர் வரிசையில் மட்டும் 32 ஸ்பேசர்கள் இருந்தன. ஏறக்குறைய 2,100 எழுத்துகளுக்கு நீளும் பட்டியல் அது.

இத்தகைய வரிசையை முதலில் கண்டவர்கள் ஜப்பானியர்கள். ஒசாகாவில் யோஷிசுமி இஷினோவும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1987-இல் ஈ. கோலை பாக்டீரியாவின் ஒரு மரபணுவைப் படித்தபோது அதன் பக்கத்தில் இது தென்பட்டது. இதன் பயன் என்னவென்று தெரியவில்லை என்று எழுதிவிட்டு நகர்ந்தார்கள். ஸ்பெயினின் அலிகாந்தே பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ்கோ மொஹிகா என்ற ஆய்வாளர், சாந்தா போலா உப்பளங்களில் வாழும் வேறொரு நுண்ணுயிரில் இதே மாதிரியான வரிசையை 1993-இல் பார்த்தார். அவர் நகரவில்லை. பத்தாண்டுகள் அதிலேயே இருந்தார்.

மொஹிகாவின் கவனம் திரும்ப வரும் வாசகத்திலிருந்து இடைத்துண்டுகளின் பக்கம் திரும்பியது 2003-இல். அந்தச் சிறு துண்டுகள் எங்கிருந்து வந்தவை? ஒவ்வொன்றாக எடுத்து, அதுவரை உலகில் படித்துப் பதிவு செய்யப்பட்டிருந்த டி.என்.ஏ. வரிசைகளோடு ஒப்பிட்டார். ஈ. கோலையின் ஒரு ஸ்பேசர், பி1 என்ற ஃபேஜின் டி.என்.ஏ.வோடு பொருந்தியது. அந்த ஸ்பேசரை வைத்திருந்த ஈ. கோலை வகையை பி1 தாக்காது என்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி. பிறகு சுமார் 4,500 ஸ்பேசர்களைத் தேடியதில் 88 துண்டுகளுக்கு மூலம் கிடைத்தது. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வைரஸ்களிலிருந்தோ, செல்லுக்குச் செல் தாவும் பிளாஸ்மிட் என்னும் வளையங்களிலிருந்தோ வந்தவை. இது பாக்டீரியாவின் நோய் எதிர்ப்பு நினைவாக இருக்க வேண்டும் என்று மொஹிகா எழுதினார். நேச்சர் உள்ளிட்ட இதழ்கள் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. 2005-இல்தான் அச்சேறியது. அதே ஆண்டில் பிரான்ஸிலிருந்து இரண்டு குழுக்களும் தனித்தனியாக இதே முடிவை நோக்கி வந்திருந்தன.

துண்டுகள் பொருந்துகின்றன என்பது சான்றுதான், நிரூபணம் அல்ல. நிரூபணம் யோகர்ட் பாக்டீரியாவிலிருந்து வந்தது. டானிஸ்கோவில் பணியாற்றிய ரொடோல்ஃப் பரங்கூவும் ஃபிலிப் ஹோர்வாத்தும், கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தின் சில்வான் முவானோவும் சேர்ந்து நடத்திய சோதனை 2007-இல் சயன்ஸ் இதழில் வெளிவந்தது. அந்தச் சோதனை எளிமையானது. அதைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும்.

முன்சொன்ன 32 ஸ்பேசர் கொண்ட வகையை எடுத்துக்கொண்டார்கள். அதைக் கொல்லக்கூடிய இரண்டு ஃபேஜ்கள் 858, 2972 என்ற எண்களால் அழைக்கப்பட்டவை. இவற்றைப் பாக்டீரியாக்களின் மேல் விட்டு, தப்பியவற்றிலிருந்து ஒன்பது வகைகளைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றின் கிரிஸ்பர் வரிசையைப் படித்தபோது எல்லாவற்றிலும் ஒரு மாற்றம் இருந்தது. முன்பு இல்லாத ஸ்பேசர்கள், ஒன்று முதல் நான்கு வரை, புதிதாக ஏறியிருந்தன. அந்த 30 எழுத்துகளும் தாக்கிய ஃபேஜின் டி.என்.ஏ.விலிருந்து எடுத்தவை. ஃபேஜின் மொத்த நீளம் சுமார் 35,000 எழுத்து. அதில் எந்த இடத்திலிருந்து கிள்ளியது என்பது ஒவ்வொரு வகையிலும் வேறாக இருந்தது.

அடுத்த கேள்வி, தப்பியதற்கு இந்தத் துண்டுதான் காரணமா, அல்லது இது தற்செயலாக உடன் வந்ததா என்பது. எனவே புதிய ஸ்பேசர்களை வரிசையிலிருந்து நீக்கிப் பார்த்தார்கள்: எதிர்ப்பு போய்விட்டது. அவற்றைத் திரும்பச் சேர்த்தார்கள்: ஃபேஜைப் பார்த்தேயிராத செல்லுக்கும் எதிர்ப்பு வந்தது. ஸ்பேசரும் ஃபேஜின் டி.என்.ஏ.வும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால் பாதுகாப்பு கிடைத்தது. பொருத்தத்தில் பிசகு இருந்த இடத்தில் கிடைக்கவில்லை.

அந்தக் கட்டுரையில் இன்னொரு சோதனையும் உண்டு. அதுதான் இந்த அமைப்பு வேலை செய்யும் விதத்தைத் திறந்து காட்டியது. கிரிஸ்பர் வரிசையின் பக்கத்தில் காஸ் என்ற பெயரில் சில மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை, இன்று காஸ்9 என்று உலகம் அறிந்திருப்பதை, செயலிழக்கச் செய்தார்கள். ஸ்பேசர் வரிசையில் பத்திரமாக இருந்தும் பாக்டீரியா ஃபேஜிடம் செத்தது. வேறொரு காஸ் மரபணுவைச் செயலிழக்கச் செய்தபோது விளைவு நேரெதிர்: பழைய ஸ்பேசர்கள் தந்த பாதுகாப்பு நீடித்தது, ஆனால் புது ஸ்பேசர் எதுவும் ஏறவில்லை. ஆக, எதிரியைப் பட்டியலில் எழுதுவது ஒரு வேலை, பட்டியலைப் படித்துத் தாக்குவது வேறொரு வேலை.

எழுதும் வேலையைச் செய்பவை காஸ்1, காஸ்2 என்ற இரண்டு புரதங்கள். இவை நுணுக்கமாக ஆராயப்பட்டது ஈ. கோலையில். நான்கு காஸ்1 மூலக்கூறுகளும் இரண்டு காஸ்2 மூலக்கூறுகளும் ஒன்றாகக் கூடி ஒரு கூட்டாகின்றன. உள்ளே வந்த அந்நிய டி.என்.ஏ.விலிருந்து உடைந்த ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டு வரிசையின் தலைப்பக்கம் வருகிறது. முதல் வாசகத்தின் ஒரு பக்கத்து இழையைத் துண்டின் ஒரு முனை தாக்கி இணைகிறது. அதே வாசகத்தின் மறுபக்கத்து எதிர் இழையை அடுத்த முனை தாக்கி இணைகிறது. வாசகத்தின் இரண்டு இழைகளும் பிரிந்து, துண்டின் இருபுறமும் ஒவ்வோர் இழையாக நிற்கும். செல்லின் பழுதுபார்க்கும் நொதிகள் விடுபட்ட இழைகளை நிரப்பிவிடும். ஒரே வாசகம் இரண்டாகி, நடுவில் புது ஸ்பேசர் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு ஸ்பேசர் ஏறும்போதும் வாசகம் ஒன்று கூடுவது இதனால்தான்.

புது ஸ்பேசர் எப்போதும் தலைப்பக்கத்தில்தான் ஏறும். மளிகைக்கடைக்காரர் கம்பியில் குத்தி வைக்கும் ரசீதுகளைப் போல, இன்று வந்தது மேலே இருக்கும், பழையவை கீழே கீழே போகும். இதனால் வரிசையைப் படிக்கும் ஆய்வாளருக்கு அந்த பாக்டீரியாக் குலம் யாரை முன்பு சந்தித்தது, யாரைப் பின்பு சந்தித்தது என்ற வரலாறும் சேர்ந்தே கிடைக்கிறது. வரிசை மரபணுத் தொகுதியிலேயே இருப்பதால் செல் பிரியும்போது இரண்டு பிள்ளைகளுக்கும் அதன் நகல் போகும். நமக்கு அம்மை வந்து குணமானால் அந்த நினைவு நம் வெள்ளணுக்களோடு முடிந்துவிடுகிறது. பிள்ளை தானே மீண்டும் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். பாக்டீரியாவின் பிள்ளைக்கு அந்தத் தேவை இல்லை.

படிக்கும் வேலை இப்படி நடக்கிறது. வரிசை முழுவதும் ஒரே நீள ஆர்.என்.ஏ. நகலாக எடுக்கப்படுகிறது. பிறகு அது வாசகங்களுக்குள் வெட்டப்பட்டு, துண்டுக்கு ஒரு ஸ்பேசர் என்ற கணக்கில் சிறு ஆர்.என்.ஏ.க்களாகிறது. ஒவ்வொரு காஸ்9 புரதமும் இந்தத் துண்டுகளில் ஒன்றை ஏந்திக்கொண்டு செல்லுக்குள் சுற்றும். எதிர்ப்படும் டி.என்.ஏ.வில் அது முதலில் தேடுவது தான் ஏந்தியிருக்கும் ஸ்பேசர் எழுத்துகளை அல்ல. பக்கத்தில் இருக்க வேண்டிய ஒரு சிறு அடையாளத்தைத் தேடும். யோகர்ட் பாக்டீரியாவின் இந்த வரிசைக்கு அந்த அடையாளத்தின் மையம் ஏ-ஜி-ஏ-ஏ என்ற நான்கு எழுத்துகள். அடையாளம் தென்பட்டால்தான் காஸ்9 அங்கே நின்று டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் பிரித்து, அடையாளத்தின் பக்கமிருந்து எழுத்து எழுத்தாகப் பொருத்திப் பார்க்கும். பொருந்தினால் அடையாளத்திலிருந்து மூன்றாவது எழுத்தை ஒட்டி இரு இழைகளையும் வெட்டிவிடும். வெட்டு விழும் இடம் இவ்வளவு துல்லியமானது என்பதை முவானோவின் குழு 2010-இல் காட்டியது.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. ஃபேஜின் 30 எழுத்தும் இப்போது பாக்டீரியாவின் சொந்த டி.என்.ஏ.விலும் இருக்கின்றன. காஸ்9 அங்கே போய் வெட்டினால் பாக்டீரியா தன்னையே கொன்றுவிடும். அது நடக்காமல் காப்பது முன்சொன்ன அடையாளம்தான். ஃபேஜில் அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் ஏ-ஜி-ஏ-ஏ இருக்கிறது. கிரிஸ்பர் வரிசையில் அதே துண்டுக்குப் பக்கத்தில் இருப்பது மாறாத வாசகம். அதில் அந்த இடத்தில் அடையாளம் இல்லை. காஸ்9 நிற்காமல் கடந்து போய்விடும். ஸ்பேசரைக் கிள்ளும்போதே அடையாளத்துக்குப் பக்கத்தில் உள்ள துண்டாகத் தேர்ந்து, அடையாளத்தை விட்டுவிட்டு எடுப்பதால் இது இயல்கிறது.

கிள்ளும் கட்டத்திலும் ஆபத்து உண்டு. காஸ்1, காஸ்2 தவறுதலாகச் சொந்த டி.என்.ஏ.விலிருந்து ஒரு துண்டை எடுத்து ஏற்றிவிட்டால், அந்த செல்லின் காஸ்9 அதன் சொந்த மரபணுத் தொகுதியையே வெட்டும். இது அவ்வப்போது நடக்கத்தான் செய்கிறது. அப்படி எடுத்த செல்கள் செத்துப்போவதால் நம் கண்ணில் படுவதில்லை. பெரும்பாலும் நடக்காமல் இருப்பதற்கான ஒரு காரணம் ஈ. கோலையில் தெரிந்திருக்கிறது. டி.என்.ஏ. எங்காவது முறிந்தால் ஒரு நொதிக் கூட்டு முறிந்த முனையிலிருந்து அதைத் தின்றுகொண்டே போகும். சிதறும் துண்டுகள் ஸ்பேசர்களுக்கு மூலப்பொருளாகும். பாக்டீரியாவின் சொந்த டி.என்.ஏ.வில் அந்தத் தீனியை நிறுத்தும் குறிகள் அடிக்கடி வருகின்றன. ஃபேஜின் டி.என்.ஏ.வில் அவை மிகக் குறைவு. ஆகவே அந்நியர் அதிகம் சிதறுகிறார், அதிகம் பட்டியலில் ஏறுகிறார்.

இவ்வளவு இருந்தும் முதல்முறை ஃபேஜைச் சந்திக்கும் கூட்டத்தில் பத்து லட்சத்தில் ஒன்றோ கோடியில் ஒன்றோதான் ஸ்பேசரை ஏற்றிக்கொண்டு தப்புகிறது. காரணம் நேரம். முழு வீரியமுள்ள ஃபேஜ் உள்ளே புகுந்த அரை மணி நேரத்தில், துண்டு கிள்ளி, வரிசையில் ஏற்றி, நகலெடுத்து, காஸ்9-இல் பூட்டித் தாக்க வேண்டும். பெரும்பாலான செல்களுக்கு அது முடிவதில்லை. முவானோவின் குழு 2014-இல் ஓர் அழகான விஷயத்தைக் காட்டியது: புற ஊதாக் கதிரால் பழுதாக்கிய ஃபேஜ்களையும் கலந்துவிட்டால், ஸ்பேசர் ஏற்றிக்கொண்ட பாக்டீரியாக்களின் எண்ணிக்கை கூடுகிறது. பழுதான ஃபேஜ் உள்ளே வரும், ஆனால் கொல்லாது. செல்லுக்கு எழுதிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். செயலிழந்த கிருமியைக் கொண்டு நாம் போடும் தடுப்பூசியும் இதே அடிப்படையில்தான் நிற்கிறது.

ஃபேஜ் சும்மா இருப்பதில்லை. எதிர்ப்புப் பெற்ற யோகர்ட் பாக்டீரியாவின் மேல் கோடிக்கணக்கான ஃபேஜ்களை விட்டால் சில இன்னும் கொல்லும். அவற்றின் டி.என்.ஏ.வைப் படித்தால் ஸ்பேசர் குறிவைத்த அந்த 30 எழுத்திலோ, பக்கத்து அடையாளத்திலோ ஓர் எழுத்து மாறியிருக்கும், அல்லது அந்த இடமே உதிர்ந்திருக்கும். 35,000 எழுத்தில் ஒரே ஓர் எழுத்து. ஆனால் காஸ்9 ஏமாந்துவிடுகிறது. அந்த ஃபேஜிடமிருந்தும் தப்பும் செல் இன்னொரு இடத்திலிருந்து இன்னொரு துண்டைக் கிள்ளியிருக்கும். இரண்டு ஸ்பேசர் உள்ள செல்லை வெல்ல ஃபேஜ் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் மாற வேண்டும், அது அரிது. மூன்று நான்கு என்றால் இன்னும் அரிது. உறைத் தயாரிப்பாளர்கள் பயன்படுத்துவது இந்தக் கணக்கைத்தான். ஒரு ஃபேஜை விட்டு, தப்பியதை எடுத்து, வரிசையைப் படித்து உறுதி செய்து, அதன்மேல் அடுத்த ஃபேஜை விடுவார்கள். மரபணுவை யாரும் கையால் மாற்றுவதில்லை, பாக்டீரியாவே எழுதிக்கொள்கிறது.

தனி செல்லின் பட்டியலைவிடக் கூட்டத்தின் பன்மை அதிகம் காக்கும் என்பது 2016-இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சூடோமோனாஸ் பாக்டீரியாவில் காட்டியது. எல்லா செல்களும் ஒரே ஸ்பேசரை வைத்திருந்தபோது ஃபேஜ் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு கூட்டம் முழுவதையும் தாக்கியது. ஆளுக்கொரு ஸ்பேசர் வைத்திருந்த 48 வகைகளைக் கலந்து வளர்த்தபோது ஃபேஜ் அற்றுப்போனது. ஒருவரை ஏமாற்றக் கற்றுக்கொண்ட ஃபேஜ் பக்கத்தில் இருப்பவரிடம் மாட்டிக்கொண்டதுதான் காரணம். இதே சூடோமோனாஸைத் தாக்கும் சில ஃபேஜ்கள் வேறு வழியும் வைத்திருக்கின்றன. காஸ் புரதங்களையே கட்டிப்போடும் சிறு புரதங்களை அவை உடன் கொண்டு வருகின்றன. 2013-இல் டொரண்டோவில் கண்டறியப்பட்ட இந்தப் புரதங்களின் முன் பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தும் பலனில்லை.

பட்டியல் நீண்டுகொண்டே போவதும் இல்லை. ஒரே வாசகம் பல இடங்களில் இருப்பதால், நகலெடுக்கும்போது ஒரு வாசகம் தூரத்து வாசகத்தோடு தவறிப் பொருந்தி, இடையில் உள்ள ஸ்பேசர்கள் மொத்தமாக உதிர்ந்துவிடலாம். எழுதுவதற்கு உதவும் அதே அமைப்பு அழிவதற்கும் வழி விடுகிறது.

காசநோய்க் கிருமியில் இதை நன்றாகப் பார்க்கலாம். அதன் கிரிஸ்பர் வரிசையில் இப்போது புதிதாக எதுவும் ஏறுவதாகத் தெரியவில்லை. இருப்பவை உதிர்வது மட்டும் தொடர்கிறது. உதிர்ந்தது திரும்ப வராது என்பதால், எந்த ஸ்பேசர்கள் போயிருக்கின்றன என்று பார்த்து ஒரு கிருமி எந்தக் குலத்தைச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம். 1997 முதல் ஆய்வகங்கள் 43 ஸ்பேசர்களை வைத்து இப்படிக் குலம் பிரிக்கின்றன. அந்தத் துண்டுகள் எதிர்ப்பு நினைவு என்று யாருக்கும் தெரியாத காலத்திலேயே இது தொடங்கிவிட்டது. பெய்ஜிங் குலம் என்று அழைக்கப்படும் கிருமிகளில் முதல் 34 ஸ்பேசர்களும் இல்லை. கடைசி ஒன்பதுதான் மிச்சம். தமிழ்நாட்டு நோயாளிகளிடம் அதிகம் காணப்படுவது கிழக்கு ஆப்பிரிக்க - இந்தியக் குலம். அதில் 29 முதல் 32 வரையிலான ஸ்பேசர்களும் 34-ஆம் ஸ்பேசரும் உதிர்ந்திருக்கும். நடுவே 33 மட்டும் நிற்கும். சளி மாதிரியிலிருந்து வளர்த்த கிருமியின் டி.என்.ஏ.வைப் பெருக்கி, 43 கட்டங்கள் கொண்ட சவ்வில் ஓட்டினால், இருக்கும் ஸ்பேசர்களுக்குக் கறுப்புப் புள்ளி விழும், இல்லாதவற்றின் கட்டம் வெறுமையாக இருக்கும். ஒரே வீட்டில் இருவருக்குக் காசநோய் வந்து, இருவரின் புள்ளி வரிசையும் வேறு வேறாக இருந்தால், ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றவில்லை, இருவருக்கும் வெளியே வெவ்வேறு இடங்களிலிருந்து வந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் முடிவு செய்யலாம். வரிசைகள் ஒன்றாக இருந்தால் மட்டும் தொற்று உறுதியாகாது. ஒரு வட்டாரம் முழுவதும் ஒரே குலம் பரவியிருக்கும் இடங்களில் வேறு மரபணுக் குறிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.